ஒரு பிழைக்கு எத்தனை முறை மதிப்பெண் குறைப்பது? பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழய்யாக்களுக்கும் தமிழம்மாக்களுக்கும்,

வணக்கம். வைகைக்குத் தெற்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஊர் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியையாக வேலை பார்க்கிறேன். காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தியபோது நடந்த ஒன்றைச் சொல்லி, அரையாண்டுத் தேர்வுக்கு முன் உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல்.

பொதுக்கட்டுரை வினாவுக்கு 8 மதிப்பெண் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த 8-ஐ எப்படிப் பிரித்துப் போடுவது என்று மட்டும் நாம் கூடிப் பேசியதே இல்லை. விடைக்குறிப்பில் ஒருமதிப்பெண் வினாவுக்கு விடை இருக்கிறது. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எந்தக் கருத்து இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கட்டுரைக்கு வரும்போது அவரவர் கைப்பழக்கம்தான் அளவுகோல். நானும் பல வருடங்களாக அப்படித்தான் போட்டு வந்தேன். ஒருமுறை படிப்பேன், மனசுக்குள் ஓர் எண் தோன்றும், அதை ஓரத்தில் எழுதி வட்டம் போடுவேன்.

இந்தக் காலாண்டில் 'நீர்நிலைகளைப் பாதுகாப்போம்' என்ற பொருளில், நீரின் தேவை, நீர்நிலைகளின் இன்றைய நிலை, பாதுகாக்கும் வழிகள் என்று குறிப்புகள் கொடுத்துக் கட்டுரை கேட்டிருந்தோம். ஒரு மாணவிக்கு 7 போட்டேன். அதற்கு அடுத்து வந்த மாணவனுக்கு 4 போட்டேன். அன்று இரவு மறுநாள் பாடத்துக்குக் குறிப்பெடுக்கும்போது, எனக்கு நினைவில் நின்றது அந்த 4 வாங்கிய கட்டுரைதான். 7 வாங்கியதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அதனால் மறுநாள் இரண்டு தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாணவன் எழுதியதில் நடுப்பத்தியை அவன் எழுதியபடியே தருகிறேன்.

"எங்கள் ஊர் கண்மாயில் போன வருசம் தண்ணி மறுகால் போனது. அதற்கு முன்பு எட்டு வருசமா போகவில்லை. வரத்துகாலில் கருவேல மரம் மண்டி கிடந்ததால் மலை பெய்தும் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேரவில்லை. ஊர்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து வரத்துகாலை வெட்டி விட்டார்கள். நானும் அரிவாள் எடுத்து போனேன். அடுத்த மழைக்கே கண்மாய் பெருகியது. ஆனால் மடை பலகை உடைந்திருந்ததால் தண்ணீரில் பாதி வீனாக போனது. ஆகவே தூர் வாறினால் மட்டும் போதாது, மடையையும் பார்க்க வேண்டும்."

மாணவி எழுதியதிலிருந்து அதே இடம்:

"நீர் உயிர்களின் ஆதாரமாகத் திகழ்கிறது. நீர்நிலைகள் நாட்டின் கண்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் தலையாய கடமையாகும். நீர்நிலைகளில் குப்பை கொட்டுவதைத் தவிர்க்க வேண்டும். மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்."

மாணவியின் பத்தியில் ஒரு பிழை இல்லை. தொடக்கத்தில் ஒரு குறள் மேற்கோள், அழகான கையெழுத்து, அடிக்கோடிட்ட உட்தலைப்புகள். மாணவனின் பத்தியில் என் சிவப்பு மை 14 இடங்களில் சுழித்திருந்தது.

மாணவனின் தாளைப் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் இரண்டு நண்பர்களிடம், நான் போட்ட எண்ணை மறைத்துக் கொடுத்தேன். ஒருவர் 6 போட்டார். சொந்தமாக எழுதியிருக்கிறான், இப்படி எழுதுகிற பிள்ளை கிடைப்பது அரிது என்றார். இன்னொருவர் 3 போட்டார். உட்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை, எழுத்துப்பிழை மலிந்து கிடக்கிறது என்றார். நிறைந்த கண்மாயின் மிகுதித் தண்ணீர் வெளியேறுவதைச் சொல்லும் 'மறுகால்' என்ற சொல்லையும் அவர் பிழை என்று சுழித்திருந்தார். ஒரே தாளுக்கு 3, 4, 6. மூவருமே நேர்மையாகத்தான் திருத்தினோம். ஆனால் ஒருவர் பிழையை அளந்தார், ஒருவர் கருத்தை அளந்தார், நான் இரண்டையும் கலந்து எதையோ அளந்தேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 1961-இல் அமெரிக்காவில் பால் டீடெரிச் என்பவரும் உடன் இருவரும் 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, தரத்தை வைத்து 9 படிகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஆசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், நிறுவன அதிகாரிகள் எல்லோரும் அந்த 53 பேரில் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டுரையும் குறைந்தது ஐந்து வெவ்வேறு படிகளில் வைக்கப்பட்டிருந்தது. அப்புறம் அவர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்தபோது, திருத்தியவர்கள் சில கூட்டங்களாகப் பிரிவது தெரிந்தது. ஒரு கூட்டம் கருத்தைப் பார்த்தது, ஒரு கூட்டம் பிழையை, ஒன்று அமைப்பை, ஒன்று சொல்லை, ஒன்று நடையின் சுவையை. எங்கள் மூவருக்கும் நடந்தது அதேதான். கட்டுரை மதிப்பெண்ணைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்துப் போடும் பழக்கம் பரவியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, நாம் என்ன செய்யலாம்? 8 மதிப்பெண்ணை நான்காகப் பிரித்தேன். பொருளுக்கு 3, மொழிக்கு 2, எழுத்துக்கு 2, அமைப்புக்கு 1. அரை மதிப்பெண் கிடையாது. இதைவிடப் பெரிய அட்டவணை எதுவும் 40 தாள் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு உதவாது என்பது என் அனுபவம்.

ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

பொருளுக்கு 3 போட வேண்டுமானால் தலைப்புக்குரிய கருத்துகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றையாவது ஏன், எப்படி என்று விளக்கியிருக்க வேண்டும், அல்லது ஒரு நிகழ்ச்சியைக் காட்டியிருக்க வேண்டும். கருத்துகள் இருக்கின்றன, எதுவும் விளக்கப்படவில்லை, ஆனாலும் அவை இந்தத் தலைப்புக்கே உரியவை என்றால் 2. எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற பொதுப்பேச்சு என்றால் 1. குறிப்புகளையே திருப்பி எழுதியிருந்தாலோ தலைப்பை விட்டே போயிருந்தாலோ 0.

பொதுப்பேச்சு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு உதவிய வழி ஒன்று உண்டு. கட்டுரையில் 'நீர்நிலை' வரும் இடத்தில் எல்லாம் 'காடு' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். மாணவியின் பத்தியை அப்படிப் படித்தேன். காடுகள் நாட்டின் கண்களாகப் போற்றப்படுகின்றன, அவற்றைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் தலையாய கடமை, காடுகளில் குப்பை கொட்டக் கூடாது, விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். ஒரு வாக்கியமும் உடையவில்லை. மாணவனின் பத்தியில் முதல் வாக்கியத்திலேயே அது உடைந்துபோகிறது. காடு மறுகால் போகாது. நான் 7 போட்ட கட்டுரை எந்தத் தலைப்பு வந்தாலும் எழுதுவதற்கென்று மனப்பாடம் செய்து வைத்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அப்படி எழுதினால் 7 வரும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

மொழிக்கான 2 மதிப்பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் 'மொழி நடை நன்று' என்று எழுதுவது, பழமொழியும் அடைமொழியும் நிறைய வந்திருக்கும்போது. பிள்ளைகளுக்கும் இது தெரிந்துவிட்டது. இதே தேர்வில் ஒரு பையன், கட்டுரையில் ஒரு பழமொழியாவது வரவேண்டும் என்பதற்காக, 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று எழுதிவிட்டு, ஆகவே குளங்களை ஆழப்படுத்த வேண்டும் என்று தொடர்ந்திருந்தான். நிலைமை தெரியாமல் ஒரு காரியத்தில் இறங்காதே என்று சொல்லும் பழமொழி அது. இப்படிப் பொருத்தமில்லாமல் வரும் பழமொழி மொழி மதிப்பெண்ணைக் கூட்டக் கூடாது. அவன் மொழியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு அது சாட்சி.

மொழி மரபு என்று நான் பார்ப்பது வேறு. எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா? இதை வினைமரபு என்று நாமே வகுப்பில் நடத்துகிறோம். கூடை முடைந்தான், கூரை வேய்ந்தான், பூக் கொய்தாள் என்று சொல்லிக்கொடுத்துத் தேர்விலும் கேட்கிறோம். ஆனால் கட்டுரை திருத்தும்போது அதை மறந்துவிடுகிறோம். கண்மாயைத் தூர்வாருவார்கள். 'கண்மாயில் மண் அகற்றும் பணியைச் செய்தனர்' என்று ஒரு பிள்ளை எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் மரபு இல்லை. மாணவனின் பத்தியை இந்தக் கண்ணோடு பாருங்கள். கண்மாய் பெருகியது, மறுகால் போனது, வரத்துக்காலை வெட்டி விட்டார்கள், மரம் மண்டிக் கிடந்தது. பெயரும் வினையும் ஒன்றோடு ஒன்று அச்சாகப் பொருந்தியிருக்கின்றன.

இங்கேதான் வட்டாரச் சொல்லையும் பேச்சு வடிவத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என் நண்பர் 'மறுகால்' என்பதைப் பேச்சுத் தமிழ் என்று நினைத்துச் சுழித்தார். அவர் ஊர் ஆற்றுப் பாசனப் பகுதி, கண்மாய் இல்லாத ஊர். நிறைந்த கண்மாயிலிருந்து மிகுதித் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறுவதற்கு எங்கள் பக்கம் வேறு சொல் கிடையாது. நான் வைத்துக்கொண்ட சோதனை இது: இந்தச் சொல்லுக்குப் பதிலாக எழுத்து வழக்கில் இன்னொரு வடிவம் இருக்கிறதா? 'தண்ணி' என்பதற்குத் தண்ணீர் இருக்கிறது. 'எட்டு வருசமா' என்பதற்கு எட்டு ஆண்டுகளாக என்பது இருக்கிறது. 'கம்மா' என்று எழுதினால் அதற்குக் கண்மாய் இருக்கிறது. இவையெல்லாம் பேச்சு வடிவங்கள், கட்டுரையில் மாற்ற வேண்டியவை. மறுகால், வரத்துக்கால், மடை, கரம்பை போன்றவற்றுக்கு அப்படி மாற்று வடிவம் இல்லை. அந்தப் பொருளின் பெயரே அதுதான். அவற்றுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. தெரியாத சொல் வந்தால் சுழிக்காமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடமோ அகராதியிலோ பாருங்கள்.

ஆக, பெயரும் வினையும் பொருந்தி, எழுத்து வழக்கு நிலையாக வந்து, வாக்கியம் எழுவாயோடு இயைந்து முடிந்தால் மொழிக்கு 2. இவற்றில் ஏதாவது ஒன்று தொடர்ந்து தவறினால் 1. படிக்கும்போது வாக்கியம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, அல்லது முழுக்கப் பேச்சு வழக்கு என்றால் 0. 'நீர்நிலைகள் அழிந்து வருகிறது' என்பது போன்ற ஒருமை பன்மை மயக்கத்தை இந்தத் தலைப்பில்தான் சேர்க்கிறேன். அது எழுத்துப்பிழை இல்லை. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இயைபுதான் தவறு.

மாணவியின் மொழிக்கு 1 போட்டேன். பிழை இல்லாதபோது ஏன் 1 என்று கேட்பீர்கள். திகழ்கிறது, போற்றப்படுகின்றன, ஏற்படுத்த வேண்டும் என்று எல்லாப் பெயருக்கும் பொதுவான வினைகளே கட்டுரை முழுக்க வருகின்றன. நீரோடு மட்டும் சேரும் ஒரு வினையைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் இருக்கலாம். 6 போட்ட நண்பர் இந்தத் தாளின் மொழிக்கு 2 தரலாம் என்றார். அந்த விவாதத்தை நாம் வைத்துக்கொள்ளலாம். குறைந்தது எதைப் பற்றி விவாதிக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

எழுத்துக்கு வருகிறேன். மாணவனின் தாளில் 14 சுழிகள் என்று சொன்னேன். அவற்றை உட்கார்ந்து வகை பிரித்தேன். தண்ணி, வருசம், வருசமா என்ற மூன்றும் பேச்சு வடிவங்கள். அவற்றை மொழியில் பார்த்துவிட்டோம், இங்கே திரும்பவும் எண்ணக் கூடாது. மீதி 11. அதில் 8 ஒற்று விடுபட்ட இடங்கள். ஊர்க் கண்மாய், வரத்துக்கால் என்பது இருமுறை, ஊர்க்காரர்கள், மடைப் பலகை என ஐந்து இடங்களில், சொல்லோடு சொல் சேர்ந்து ஒரு பெயராகும்போது வர வேண்டிய ஒற்று இல்லை. மண்டிக் கிடந்தது, எடுத்துப் போனேன், வீணாகப் போனது என மூன்று இடங்களில் வினைக்கு முன்னால் நிற்கிற சொல்லுக்குப் பின் ஒற்று இல்லை. எட்டு இடங்கள், ஆனால் அவனுக்குத் தெரியாதவை இரண்டே விஷயங்கள். மீதி 3 எழுத்து மயக்கம்: மழைக்கு மலை, வீணுக்கு வீன், வாரினால் என்பதற்கு வாறினால். ஆக, 14 சுழி போட்ட இடத்தில் உண்மையில் இருப்பவை 5 தனித்தனிப் பிழைகள். அதிலும் மழை என்பதை இரண்டு வரி தள்ளிச் சரியாகவே எழுதியிருக்கிறான்.

அதனால் எழுத்தை இப்படி எண்ணுகிறேன். கட்டுரை முழுவதையும் சல்லடை போட வேண்டாம். நடுப்பகுதியில் தொடர்ச்சியாகப் பத்து வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரை வேண்டாம், அது பெரும்பாலும் மனப்பாடம், அங்கே பிழை குறைவாகவே இருக்கும். ஒரே சொல் திரும்ப வந்தால் ஒரு பிழை. ஒரே விதி திரும்பத் திரும்பத் தவறினாலும் ஒரு பிழை. அப்படி எண்ணி 3-க்குள் இருந்து, பொருளை மாற்றும் பிழை எதுவும் இல்லை என்றால் 2. 4 முதல் 8 வரை என்றால் 1. அதற்கு மேல் போனாலோ, பிழைக்காகவே வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தாலோ 0. தாளில் பெரிய எழுத்தாக எழுதும் பிள்ளைக்குப் பத்து வரியில் சொற்கள் குறைவாக இருக்கும், அங்கே இரண்டு வரி கூடுதலாகப் பாருங்கள்.

பொருளை மாற்றும் பிழை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா எழுத்து மயக்கமும் ஒன்றல்ல. 'வாறினால்' என்று எழுதினால் படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது, அப்படி வேறு சொல் குறுக்கே வந்து குழப்புவதில்லை. 'ஊருக்குள் வெல்லம் புகுந்தது' என்று எழுதினால் வெள்ளம் வெல்லமாகிவிடுகிறது. ஒற்றிலும் அப்படித்தான். 'எடுத்து போனேன்' என்பதில் பொருள் மாறவில்லை. கீரைக்கடை என்பதைக் 'கீரை கடை' என்று எழுதினால், கடைக்குப் பதிலாகக் கீரையைக் கடையச் சொல்வதாக ஆகிறது. முதல் வகை ஒற்றுப்பிழைக்கு ஒவ்வொரு இடத்திலும் சுழி போட்டுப் பிள்ளையை மிரட்டுவதைவிட, பொருள் மாறும் இடத்தை அழுத்திக் காட்டுவதே நல்லது. ஒரு/ஓர், அது/அஃது போன்றவற்றைப் பத்தாம் வகுப்புக் கட்டுரையில் நான் எண்ணுவதே இல்லை. மொழிப்பயிற்சி வினாவில் அதற்கு இடம் இருக்கிறது.

அமைப்புக்கு 1தான். ஏனென்றால் முன்னுரை முதல் முடிவுரை வரை வரிசையை வினாத்தாளே குறிப்புகளாகக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததைத் திருப்பி எழுதியதற்கு 2, 3 என்று போடுவது நியாயமில்லை. பத்தி ஒன்றுக்கு ஒரு பொருள் இருக்கிறதா, ஓரிடத்தில் சொன்னது வேறிடத்தில் திரும்ப வராமல் இருக்கிறதா என்று பார்த்து 1 அல்லது 0. உட்தலைப்பு இல்லாவிட்டாலும் பத்தி பிரிந்திருந்தால் போதும். குறிப்புகள் தராமல் கேட்கும் கட்டுரைப் போட்டி என்றால் அங்கே அமைப்புக்கு 2 வைத்து எழுத்தை 1 ஆக்கலாம்.

இப்போது இரண்டு தாள்களும். மாணவன்: பொருள் 3, வரத்து அடைபட்டது, அதை வெட்டியது, மடையில் தண்ணீர் வீணானது என்று காரணத்தோடு சொல்லி, தூர்வாருவது மட்டும் போதாது என்ற முடிவுக்கும் தானே வந்திருக்கிறான். மொழி 1, பேச்சு வடிவம் இடையில் கலந்துவிட்டதால். எழுத்து 1. அமைப்பு 1. மொத்தம் 6. மாணவி: பொருள் 1, மொழி 1, எழுத்து 2, அமைப்பு 1. மொத்தம் 5. மாணவிக்கு 7, மாணவனுக்கு 4 என்று நான் முதலில் போட்டது இப்போது மாணவிக்கு 5, மாணவனுக்கு 6 என்று ஆனது. என் இரண்டு நண்பர்களும் இதே முறையில் மாணவனின் தாளைத் திருப்பித் திருத்தினார்கள். ஒருவர் 7, ஒருவர் 6. முன்பு 3 போட்டவர்தான் இப்போது 6 போட்டவர். அவர் எழுத்துக்கு 1 போட்டார், அதோடு பிழையைப் பற்றிய அவர் கோபம் அந்தப் பெட்டிக்குள் முடிந்துவிட்டது. முதல் தடவை அதே பிழைகள் அவருக்குப் பொருளிலும் நடையிலும் அமைப்பிலும் சேர்த்து மதிப்பெண்ணைக் குறைத்திருந்தன.

இந்த முறை பலன் தர வேண்டுமானால் கையில் இருக்கும் சிவப்புப் பேனாவை முதல் வாசிப்பில் கீழே வைத்துவிட வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் சுழித்துக்கொண்டே படித்தால் பத்தாவது சுழியில் கருத்து நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பேனா இல்லாமல் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுப் பொருள், மொழி, அமைப்பு மூன்றுக்கும் எண் போடுங்கள். அப்புறம் பேனாவை எடுத்துப் பத்து வரியில் எழுத்தைப் பாருங்கள். ஓரத்தில் பொ 3, மொ 1, எ 1, அ 1 என்று எழுதிவிட்டு மொத்தத்தைப் போடுங்கள். முதல் நாள் ஒரு தாளுக்கு எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. இரண்டாம் நாள் மூன்று நிமிடத்துக்கு வந்துவிட்டது. இன்னொன்றும் கவனித்தேன். பத்துத் தாள் திருத்தியதும் கை தானாகவே இறுகுகிறது, அல்லது தளர்கிறது. அதனால் பத்துக்கு ஒருமுறை முதலில் திருத்திய இரண்டு தாள்களை எடுத்துத் திரும்பப் பார்க்கிறேன். இப்போது போடும் எண்ணும் அப்போது போட்ட எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

எழுத்துக்கு வெறும் 2 என்றால் பிள்ளைகள் பிழையோடு எழுதப் பழகிவிட மாட்டார்களா என்று பலர் கேட்பீர்கள். நானும் பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 14 சுழி போட்ட தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பையன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டாம் முறை திருத்திய பிறகு அவனை அழைத்து, உனக்கு இரண்டே இடத்தில்தான் ஒற்று தவறுகிறது, இரண்டு பெயர் சேரும்போதும் வினைக்கு முன்னாலும் பார் என்று சொல்லி, அவன் கட்டுரையிலிருந்தே அந்த எட்டு இடங்களையும் நோட்டில் சரியாக எழுத வைத்தேன். வரத்துக்கால் என்பதை அவன் மறக்க மாட்டான் என்று நம்புகிறேன். அது அவன் வெட்டிய கால்வாய். மாணவியிடம், உன் எழுத்தில் குறை இல்லை, ஆனால் நீ பார்த்த தண்ணீர் இதில் எங்கேயும் இல்லை என்றேன். மறு வாரம் தெருக்குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும்போது யார் முதலில் குடம் வைப்பது என்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தாள். அதிலும் பிழை இல்லை.

இந்த முறையால் ஆகாதவையும் உண்டு. நன்றாக எழுதப்பட்ட வழிகாட்டி நூல் கட்டுரையை ஒரு பிள்ளை மனப்பாடம் செய்து, அதில் விளக்கமும் எடுத்துக்காட்டும் இருந்தால், நம் பெட்டிகள் அதற்கு 7, 8 கொடுத்துவிடும். அதைத் தடுக்க அளவுகோலால் முடியாது, வினாவைத்தான் மாற்ற வேண்டும். நீர்நிலைகளைப் பாதுகாப்போம் என்று கேட்காமல், உன் ஊர் நீர்நிலை ஒன்றின் இன்றைய நிலையை எழுது என்று கேட்க வேண்டும். அப்புறம், பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் இடத்தில் அங்கே தரும் விடைக்குறிப்பின்படிதான் நாம் போட வேண்டும். நான் கேட்பது நம் கையில் இருக்கிற அலகுத் தேர்வுக்கும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கும் மட்டும்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் நாம் கூடும் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் காலாண்டுக் கட்டுரைத் தாள்களில் மூன்றை, பிள்ளையின் பெயரும் நீங்கள் போட்ட எண்ணும் மறைத்து, நகலெடுத்துக் கொண்டு வாருங்கள். ஒன்று நீங்கள் அதிகம் போட்டது, ஒன்று குறைவாகப் போட்டது, ஒன்று எவ்வளவு போடுவது என்று தயங்கியது. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து, ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல் பொ, மொ, எ, அ என்று போடுவோம். எந்தப் பெட்டியில் நம் எண்கள் அதிகமாக விலகுகின்றனவோ அந்தப் பெட்டியின் விளக்கத்தை மட்டும் கூடி மாற்றுவோம். 3-2-2-1 என்பதே சரியில்லை என்று தோன்றினால் அதையும் மாற்றலாம். வட்டாரச் சொற்களுக்கு ஒரு நோட்டைப் பொதுவாக வைப்போம். அதில் முதல் சொல்லாக மறுகாலை நான் எழுதிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு தமிழாசிரியை